விடை தெரியும், எழுத்து மாறும்: ஐந்து தெரிவு வினாக்களில் நேரும் பிழையின் வடிவம்

குரூப் 4 போன்ற ஒரு தேர்வு முடிந்து தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும், வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துப் பயிற்சி வகுப்புகளில் எல்லாரும் கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார்கள். தேர்வாணையம் விடைக்குறிப்பை வெறும் எழுத்துப் பட்டியலாக வெளியிடாமல், வினாத்தொகுப்பின் பக்கங்களிலேயே சரியான தெரிவுக்கு டிக் அடையாளம் இட்டு வெளியிடுகிறது. ஆகவே, தேர்வர்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை. "நான் கில்லஸ்பி என்றுதானே போட்டேன், அதுதான் சரி" என்று விடையின் பெயரைப் பார்த்தே ஒன்றரை மதிப்பெண்ணைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு முடிவு வரும்போது அந்தக் கணக்கைவிட ஆறு, ஏழரை, சில நேரம் ஒன்பது மதிப்பெண் குறைந்திருக்கும். உடனே பழி விடைத்தாளைப் படிக்கும் இயந்திரத்தின் மீது விழும்.

இயந்திரம் படிப்பது எந்த வட்டம் கருப்பாக இருக்கிறது என்பதை மட்டுமே. தேர்வர் மனத்தில் இருந்தது கில்லஸ்பியா, ஃபேன்கோர்ட்டா என்பது அதற்குத் தெரியாது. விடையைச் சரியாக அறிந்த ஒருவர் அந்த விடைக்கு உரிய எழுத்தைத் தவறாக எடுத்துக்கொண்டு வட்டத்தை நிரப்பும் பிழை, பலரும் நினைப்பதுபோல் வெறும் கவனக்குறைவு அன்று. அது கண்டபடி நிகழ்வதில்லை. குறிப்பிட்ட எழுத்துகளுக்கு இடையில், குறிப்பிட்ட அச்சமைப்பு உள்ள வினாக்களில்தான் பெரும்பாலும் நிகழ்கிறது. அந்த வடிவத்தைத் தெரிந்துகொண்டால் பிழை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடலாம்.

தமிழ்வழியில் படித்த ஒரு மாணவருக்குக் கொள்குறி வினா அறிமுகமாகும் இடம் பள்ளி. அங்கே தெரிவுகள் அ, ஆ, இ, ஈ என்று நான்காக இருக்கும். பொதுத்தேர்வு வினாத்தாளில் "குறியீட்டுடன் விடையினையும் சேர்த்து எழுதவும்" என்ற அறிவுறுத்தலும் இருக்கும். அந்த அறிவுறுத்தல் செய்யும் வேலையைப் பலர் கவனிப்பதில்லை. மாணவர் "இ) 1806" என்று எழுதும்போது ஒரே விடையை இரண்டு முறை சொல்கிறார். குறியீடும் விடையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் எழுதும் கணத்திலேயே அவருக்கு அது உறுத்தும். அவர் கவனிக்காவிட்டாலும் திருத்துபவர் கவனிப்பார். ஓ.எம்.ஆர். விடைத்தாளில் இந்த இரண்டாவது சொல்லல் இல்லை. வட்டம் மட்டுமே விடை. பத்தாண்டுகளுக்கு மேல் தன்னைக் காப்பாற்றிவந்த ஒரு சரிபார்ப்பு விலகியதை உணராமலேயே மாணவர் போட்டித் தேர்வுக்குள் வருகிறார்.

வந்த இடத்தில் தெரிவுகளின் எண்ணிக்கையும் மாறியிருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. 2020-ஆம் ஆண்டில் தன் கொள்குறித் தேர்வுகளில் ஐந்தாவதாக (E) என்ற தெரிவைச் சேர்த்தது. அதன் பொருள் "விடை தெரியவில்லை" என்பதே. எந்த வினாவையும் வெறுமையாக விடக்கூடாது, தெரியாவிட்டால் (E) வட்டத்தை நிரப்ப வேண்டும் என்பது அப்போது வந்த விதி. காலியாக விடப்பட்ட வட்டங்களைப் பிறகு வேறு யாரும் நிரப்பிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், நான்கு வட்டங்கள் இருந்த வரிசையில் ஐந்தாவது ஒன்று சேர்ந்ததால் கண்ணும் கையும் பழகியிருந்த இடங்கள் மாறிவிட்டன. அதைப் பின்னால் பார்ப்போம். முதலில், அதைவிடப் பழையதும் பரவலானதுமான சிக்கல்: இரண்டு பத்தியாக அச்சிடப்படும் தெரிவுகள்.

விடைகள் குறுகியவையாக இருந்தால், தாளை மிச்சப்படுத்துவதற்காக அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடாமல் வரிக்கு இரண்டாக அச்சிடுவது வழக்கம். முதல் வரியில் (A), (B). இரண்டாம் வரியில் (C), (D). இதைக் குறுக்காகப் படித்தால் A, B, C, D என்ற வரிசை சரியாக வரும். மேலிருந்து கீழாகப் படித்தால் முதலில் A, அடுத்து C, பிறகு B, கடைசியில் D என்று வரும். எழுத்தைப் பார்த்துப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால், நேர நெருக்கடியில் கண் எழுத்தை விட்டுவிட்டு விடைகளை மட்டுமே படிக்கிறது. "இரண்டாவதாக இருந்தது" என்ற இட நினைவு மட்டும் மனத்தில் தங்க, விடைத்தாளுக்குப் போகும்போது "இரண்டாவது என்றால் B" என்று மனம் தானே மொழிபெயர்த்துக்கொள்கிறது. கீழ்நோக்கிப் படித்தவருக்கு இரண்டாவதாக இருந்தது உண்மையில் C.

இதில் கவனிக்க வேண்டியது, நான்கு தெரிவுகள் இவ்வாறு கட்டமாக அமையும்போது A-யும் D-யும் ஒருபோதும் மாறுவதில்லை என்பது. எந்தத் திசையில் படித்தாலும் முதல் இடம் A, கடைசி இடம் D. B-யும் C-யும் மட்டுமே தமக்குள் இடம் மாறிக்கொள்ளும். ஆகவே, ஒருவருடைய எழுத்துப் பிழைகளில் பெரும்பாலானவை B-க்குப் பதில் C, C-க்குப் பதில் B என்று இருந்து, அவையும் வரிக்கு இரண்டு தெரிவுகள் உள்ள வினாக்களிலேயே குவிந்திருந்தால், படிக்கும் திசைதான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

உண்மையான விடைகளே ஐந்தாக இருந்து, அவையும் இரண்டு பத்தியாக அச்சிடப்பட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். முதல் வரியில் A, B. அடுத்த வரியில் C, D. மூன்றாம் வரியில் E தனியாக. மேலிருந்து கீழாகப் படிப்பவருக்கு வரிசை A, C, E, B, D என்று வரும். இரண்டாவது இடத்தில் C, மூன்றாவது இடத்தில் E, நான்காவது இடத்தில் B, ஐந்தாவது இடத்தில் D. A ஒன்றைத் தவிர எந்த எழுத்தும் தன் இடத்தில் இல்லை. நான்கு தெரிவுகளில் இரண்டு எழுத்துகளுக்குள் அடங்கியிருந்த குழப்பம், ஒரே ஒரு தெரிவு கூடியதும் நான்கு எழுத்துகளுக்குப் பரவிவிடுகிறது. வங்கித் தேர்வுக்கான அச்சு வழிகாட்டிகளில் ஐந்து தெரிவுகளை இவ்வாறு இரண்டு பத்தியாகப் போடுவதைப் பார்க்கலாம். நல்லவேளையாக, அந்தத் தேர்வுகள் இப்போது கணினியில் நடக்கின்றன. அங்கே விடையின் பக்கத்திலேயே சொடுக்கிவிடுவதால், எழுத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்லும் வேலையே இல்லை. எழுத்து மாறும் சிக்கல் வினாத்தொகுப்பும் விடைத்தாளும் தனித்தனியாக இருக்கும் தேர்வுகளுக்கே உரியது.

கண் ஏன் கீழ்நோக்கிப் போகிறது என்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, ஒரே தொகுப்பில் நீண்ட விடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் குறுகிய விடைகள் கட்டமாகவும் கலந்து வருவது. தொடர்ந்து ஐந்தாறு வினாக்களைக் கீழ்நோக்கியே படித்துவந்த கண், ஏழாவது வினாவில் கட்டத்தைச் சந்திக்கும்போதும் அதே திசையில் இறங்குகிறது. இரண்டாவது, எல்லா நூல்களும் ஒரே முறையைப் பின்பற்றாதது. தேர்வாணையத்தின் தாள் குறுக்கு வரிசையைப் பின்பற்றும்போது, சில பயிற்சி மையங்களின் மாதிரித் தாள்கள் இடப்பத்தியில் A, B என்று இறங்கி, வலப்பத்தியில் C, D என்று மீண்டும் தொடங்குகின்றன. அத்தகைய தாளில் மாதக்கணக்கில் பழகியவர் கீழ்நோக்கிப் படிப்பது தவறு அன்று. அவருக்குக் கற்பிக்கப்பட்டதே அதுதான்.

மூன்றாவது காரணம் தமிழ்ச் சொற்களின் நீளம். ஆங்கிலத்தில் அரை வரியில் அடங்கும் ஒரு துறைப் பெயரோ சட்டப் பெயரோ தமிழில் அரை வரியைத் தாண்டிவிடும். அப்போது (A) தெரிவின் இறுதிச் சொல் அடுத்த வரிக்கு மடிந்து விழுந்து தனித் தெரிவுபோல் நிற்கும். அல்லது (A) தெரிவின் வாசகம் வலப்பத்தி வரை நீண்டு (B) என்ற எழுத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும். எழுத்துக்கும் அதன் விடைக்கும் இடையே உள்ள இடைவெளி, அந்த எழுத்துக்கும் முந்தைய விடைக்கும் இடையே உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருந்தால், கண் அந்த எழுத்தை முந்தைய விடையோடு சேர்த்துவிடும். இத்தகைய வரியில் A என்று நினைத்து B-யை நிரப்பும் பிழை வரும். திசைப் பிழையில் A மாறுவதே இல்லை என்பதால், A-யும் B-யும் மாறியிருந்தால் காரணம் இடைவெளிதான் என்று பிரித்தறியலாம்.

இனி (E). டி.என்.பி.எஸ்.சி. தாளில் இது பெரும்பாலும் தன் தனி வரியில், ஒவ்வொரு வினாவுக்கும் ஒரே வாசகத்தோடு நிற்பதால் வினாத்தொகுப்பில் குழப்பம் குறைவு. குழப்பம் விடைத்தாளில்தான். நான்கு வட்டங்களில் பழகியவர் D-யைத் தேடும்போது எழுத்தைத் தேடுவதில்லை, வரிசையின் வலக்கோடியைத் தேடுகிறார். அங்கே இப்போது இருப்பது E. D என்று முடிவு செய்து E-யை நிரப்பிவிட்டால், தெரிந்த விடைக்குத் "தெரியவில்லை" என்று தானே கையெழுத்திட்டுக் கொடுத்ததாக ஆகும்.

இதோடு ஒலியும் சேர்ந்துகொள்கிறது. தாளிலிருந்து தாளுக்குக் கண் நகரும் இரண்டு மூன்று நொடிகள், அந்த எழுத்தை நாம் மனத்துக்குள் உச்சரித்துக்கொண்டே வைத்திருக்கிறோம். 1964-இல் பிரிட்டன் உளவியலாளர் ஆர். கான்ராட் வெளியிட்ட ஆய்வு ஒன்று, எழுத்துகளைக் கண்ணால் பார்த்து நினைவில் வைத்துச் சொல்லும்போதுகூட, நேரும் பிழைகள் வடிவத்தால் ஒத்த எழுத்துகளுக்கு இடையில் அல்லாமல் ஒலியால் ஒத்த எழுத்துகளுக்கு இடையிலேயே அதிகம் என்று காட்டியது. நம் ஐந்து எழுத்துகளைச் சொல்லிப் பார்த்தால் இது எவ்வளவு பொருந்துகிறது என்பது விளங்கும்: ஏ, பி, சி, டி, ஈ. முதல் எழுத்தைத் தவிர நான்கும் ஒரே உயிரொலியில் முடிகின்றன. நான்கு தெரிவுகளில் அவ்வாறு மூன்று இருந்தன. (E) வந்ததும் நான்காயின. தமிழ்வழி மாணவருக்கு மட்டும் இன்னொரு வில்லங்கம் உண்டு. பள்ளியில் அ, ஆ, இ, ஈ என்று எண்ணும்போது "ஈ" நான்காவது தெரிவு. இங்கே "ஈ" என்று ஒலிப்பது ஐந்தாவது தெரிவு. நான்காவது விடை சரி என்று கண்டவர், பழைய பழக்கத்தில் மனத்துக்குள் "ஈ" என்று சொல்லிக்கொண்டால், கை E வட்டத்துக்குப் போவதில் வியப்பில்லை.

பொருத்துக வகை வினாக்களில் இந்தக் குழப்பம் இன்னொரு படி கூடுகிறது. அங்கே எழுத்துகள் இரண்டு தொகுதியாக வருகின்றன: பட்டியலில் உள்ள உருப்படிகளுக்குச் சிறிய எழுத்து, தெரிவுகளுக்குப் பெரிய எழுத்து. இந்த ஊர்க்காரருக்கு நன்கு தெரிந்த 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியை வைத்து ஒரு வினாவை அமைத்துப் பார்ப்போம். இடப்பக்கம் (a) வில்லியம் பெண்டிங், (b) ஜான் கிரடாக், (c) ஃபேன்கோர்ட், (d) கில்லஸ்பி. வலப்பக்கம் 1. வேலூர்க் கோட்டைக் காவற்படையின் தலைவர், 2. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் வந்தவர், 3. சென்னை மாகாண ஆளுநர், 4. சென்னைப் படையின் தலைமைத் தளபதி. தெரிவுகள் இவ்வாறு அமைகின்றன:

```
      (a) (b) (c) (d)              (a) (b) (c) (d)
(A)    3   1   4   2        (B)     4   3   1   2
(C)    3   4   1   2        (D)     3   4   2   1
(E)   விடை தெரியவில்லை
```

மாணவர் வழக்கமாகத் தமக்கு மிக உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவார். கில்லஸ்பி ஆற்காட்டிலிருந்து வந்தவர், ஆகவே (d)-க்கு 2. இதனால் D நீங்கி A, B, C நிற்கின்றன. ஃபேன்கோர்ட் கோட்டையில் கொல்லப்பட்ட காவற்படைத் தலைவர், ஆகவே (c)-க்கு 1. இப்போது A நீங்கி B, C நிற்கின்றன. பெண்டிங் ஆளுநர், (a)-க்கு 3. ஆகவே விடை C. வரலாற்றில் ஒரு தவறும் இல்லை. ஆனால், இந்த இருபது முப்பது நொடிகளில் அவர் மனத்துக்குள் "டி", "சி", "ஏ" என்ற மூன்று எழுத்துகளையும் உருப்படிகளின் பெயராக உச்சரித்திருக்கிறார். கடைசியாக உச்சரித்தது "ஏ". நிரப்ப வேண்டியதோ C. அதோடு கட்டத்தில் A-க்கு நேர் கீழே இருப்பது C. கீழ்நோக்கிப் படித்தவருக்கு அது இரண்டாவது தெரிவு, அதாவது B. ஒரே வினாவில் மூன்று வழிகளில் தவறான வட்டத்துக்குப் போக முடியும்.

இதற்கு ஒரு மாற்று வழி, உருப்படிகளை எழுத்தால் குறிப்பிடாமல் பெயராலேயே நினைப்பது. "கில்லஸ்பி இரண்டு, ஃபேன்கோர்ட் ஒன்று, பெண்டிங் மூன்று" என்று பொருத்தி, கிடைக்கும் 3412 என்ற எண் கோவையைத் தெரிவுகளில் தேடி, அது கிடைத்த பிறகே அதன் இடப்பக்கத்தில் உள்ள எழுத்தை முதன்முறையாகப் படிப்பது. எழுத்து என்பது கடைசியில் ஒரே ஒரு முறைதான் மனத்துக்குள் வர வேண்டும். இது கூடுதல் நேரம் எடுப்பதில்லை. எழுத்துகளைச் சொல்லும் வேலை மிச்சமாவதால் சிலருக்கு விரைவாகவே முடிகிறது.

வினாத்தொகுப்பிலேயே விடையைச் சுழித்துவிட்டுப் பக்கம் முடிந்ததும் மொத்தமாக விடைத்தாளுக்கு மாற்றலாமே என்று தோன்றும். பல பயிற்சி மையங்களின் மாதிரித் தேர்வுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால், டி.என்.பி.எஸ்.சி. வினாத்தொகுப்பின் முகப்பு அறிவுரைகளில், தொகுப்பில் விடையைக் குறியிடவோ குறிப்பிட்டுக் காட்டவோ கூடாது என்ற விதி அச்சிடப்பட்டிருக்கிறது. எழுதிப் பார்ப்பதற்கென்று கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தைத் தருகிறார்கள். அது கணக்குப் போடுவதற்கு, விடை எழுத்துகளை வரிசையாக எழுதி வைப்பதற்கு அன்று. ஆகவே, எழுத்து நினைவில்தான் பயணம் செய்ய வேண்டும். அந்தப் பயணம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. 200 வினாக்களுக்கு மூன்று மணி நேரம் என்றால் வினாவுக்கு 54 நொடி. அதற்குள் ஒரு வினா, ஒரு வட்டம் என்று உடனுக்குடன் நிரப்பிவிட முடியும். நான்கைந்து எழுத்துகளை மனத்தில் சேர்த்து வைத்து நிரப்பும் பழக்கம்தான் ஒலிக் குழப்பத்துக்கு வழி திறக்கிறது.

நிரப்பும் இடத்தில் ஒரு நுட்பம் உண்டு. வட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும் எழுத்து, பேனா பட்டதும் மைக்குள் மறைந்துவிடும். பிறகு அது D-யா E-யா என்று அதைப் பார்த்து அறிய முடியாது. எனவே, எழுத்தைப் படிக்க வேண்டியது பேனாவை வைப்பதற்கு முன்பு. நிரப்பிய பிறகு பார்க்க வேண்டியது மறையாமல் நிற்கும் அண்டை வட்டங்களை. C-யை நிரப்பியிருந்தால் இடப்பக்கம் B-யும் வலப்பக்கம் D-யும் தெரிய வேண்டும். D-யை நிரப்பியிருந்தால் வலப்பக்கம் ஒரு வட்டம் மீதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரப்பியது E. கருப்பு மை பந்துமுனைப் பேனாவால் நிரப்பியதை அழிக்க வழியில்லை என்பதால், இந்தப் பார்வையால் அந்த வினாவைக் காப்பாற்ற முடியாது. ஆனால், வலக்கோடிக்குப் போகும் பழக்கம் தலைதூக்கியிருப்பதை முதல் பக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

ஐந்தாவது தெரிவோடு 2020-இல் இன்னொரு ஏற்பாடும் வந்தது. தேர்வு முடிந்ததும் தாம் நிரப்பிய A எத்தனை, B எத்தனை, C, D, E எத்தனை என்று எண்ணி விடைத்தாளில் குறிக்க வேண்டும். அதற்கெனக் கூடுதலாக 15 நிமிடம் தரப்பட்டது. ஐந்து எண்களின் கூட்டுத்தொகை 200 வர வேண்டும். இந்த எண்ணிக்கை எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது கண்டுபிடிப்பது விடுபட்ட வினாவையும் இரட்டை வட்டத்தையும் மட்டுமே. B-க்குப் பதில் C நிரப்பினால் ஓர் எண் குறைந்து இன்னோர் எண் கூடும். மொத்தம் 200-இலேயே நிற்கும். ஓரளவு உதவக்கூடியது E-யின் எண்ணிக்கைதான். எத்தனை வினாக்களைத் தெரியாது என்று கைவிட்டோம் என்பது தோராயமாக நினைவில் இருக்கும். மூன்றைத்தான் கைவிட்ட நினைவு, தாளில் E ஐந்து இருக்கிறது என்றால், இரண்டு D-க்கள் அங்கே போயிருக்கின்றன. அப்போதும் நினைத்ததை அல்ல, தாளில் கருப்பாக இருப்பதைத்தான் எண்ணிக் குறிக்க வேண்டும். தாளோடு ஒத்துப்போகாத எண்ணைக் குறிப்பது தனிப் பிழையாகிவிடும்.

உண்மையான நோயறிதலை மாதிரித் தேர்வில்தான் செய்ய முடியும், ஏனென்றால் அங்கே வினாத்தாளில் குறியிடத் தடையில்லை. தேர்வர் தாம் கருதிய விடையின் சொல்லுக்கு அடியில் கோடிட வேண்டும். எழுத்தைச் சுழிக்கக் கூடாது. எழுத்தைச் சுழித்தால் பிழை அங்கேயே நிகழ்ந்துவிட வாய்ப்புண்டு. பிறகு வழக்கம்போல் ஓ.எம்.ஆர். தாளை நிரப்ப வேண்டும். திருத்தும்போது தவறான வினாக்களை இரண்டாகப் பிரிக்கலாம்: கோடிட்ட சொல்லே தவறு என்றால் அது அறிவுப் பிழை, சொல் சரி, வட்டம் தவறு என்றால் எழுத்துப் பிழை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். குடியாத்தத்திலிருந்து பயிற்சிக்கு வரும் ஒரு மாணவி 200 வினாக்களில் 158-க்குச் சரியாக நிரப்பி, 37-க்குத் தவறாக நிரப்பி, 5-க்கு E நிரப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் 237. கோடிட்ட சொற்களோடு ஒப்பிட்டால், தவறான 37-இல் 7 எழுத்துப் பிழைகள்: B-யைக் கருதி C-யை நிரப்பியவை 4, C-யைக் கருதி B-யை நிரப்பியவை 2, C-யைக் கருதி D-யை நிரப்பியது 1. E-யில் இருக்கும் 5-இல் 3 உண்மையிலேயே தெரியாதவை, 2 D ஆக இருந்திருக்க வேண்டியவை. ஆக ஒன்பது வினாக்கள், பதின்மூன்றரை மதிப்பெண்.

இதில் எண்ணிக்கைக் கட்டம் என்ன காட்டுகிறது என்று பார்த்தால் அதன் வரம்பு புரியும். அவர் கருதியது A 47, B 52, C 50, D 48, E 3. தாளில் இருப்பது A 47, B 50, C 51, D 47, E 5. இரண்டுமே 200. B-யில் இரண்டு குறைவு, C-யில் ஒன்று அதிகம் என்று மட்டுமே தெரிகிறது. உண்மையில் B-க்கும் C-க்கும் இடையில் ஆறு வினாக்கள் மாறியிருக்கின்றன. எதிரெதிர்த் திசையில் மாறியவை ஒன்றையொன்று மறைத்துவிட்டன. எனவே, மொத்தங்களை ஒப்பிடுவதோடு நிறுத்தாமல், கருதிய எழுத்தை வரிசைகளிலும் நிரப்பிய எழுத்தை நெடுவரிசைகளிலும் போட்டு ஐந்துக்கு ஐந்து கட்டம் ஒன்று வரைந்து, ஒவ்வொரு பிழையையும் அதற்குரிய கட்டத்தில் கோடாக இட வேண்டும். பக்கத்தில் அந்த வினா கட்டமாக அச்சிட்டதா, ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டதா, பொருத்துகவா என்றும் குறித்துக்கொண்டால் போதும்.

இந்த மாணவியின் ஆறு B–C பிழைகளில் ஐந்து, கட்டமாக அச்சிட்ட வினாக்களில் இருந்தால் அவருக்கு வேண்டியது குறுக்காகப் படிக்கும் பழக்கம்: விடையைத் தேர்ந்த பிறகு அதன் இடப்பக்க எழுத்துக்குக் கண்ணைத் திருப்பிக் கொண்டுவருவது. இரண்டு D–E பிழைகளுக்கு வேண்டியது விடைத்தாளில் எழுத்தைப் படித்து நிரப்புவது. C–D மாறிய ஒன்று பொருத்துகவாக இருந்தால் அதற்கு வேறு வழி. இவை மூன்றையும் "கவனமாக எழுது" என்ற ஒரே அறிவுரைக்குள் அடக்குவது பயிற்றுநருக்கு எளிது. மாணவிக்கு எதையும் சொல்வதில்லை. தொடர்ச்சியாக ஏழெட்டு வினாக்கள் தவறி, அவற்றில் நிரப்பியிருப்பது அடுத்த வினாவின் சரியான விடையாகவே இருந்தால், அது எழுத்துப் பிழையே அன்று. ஒரு வரி தள்ளி நிரப்பிய பிழை. அதை இந்தக் கட்டத்தில் சேர்த்தால் கணக்கு கலங்கிவிடும்.

மாதிரித் தாள் தயாரிப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வினாவை எழுதுபவர் ஒருவர், டி.டி.பி. கடையில் அதை அடிப்பவர் இன்னொருவர். ஆசிரியர் நான்கு தெரிவுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி விடைக்குறிப்பையும் எழுதித் தந்துவிடுவார். பக்கம் கூடுகிறதே என்று அடிப்பவர் தெரிவுகளை இரண்டு பத்தியாக மாற்றுவார். மாற்றும்போது ஒரு வினாவில் குறுக்காகவும் இன்னொரு வினாவில் கீழ்நோக்கியும் எழுத்திட்டுவிட்டால், அல்லது எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டு விடைகளை மட்டும் நகர்த்திவிட்டால், விடைக்குறிப்பில் உள்ள B இப்போது வேறொரு விடையைக் குறிக்கும். அந்தத் தாளை எழுதுபவருக்கு மதிப்பெண் குறைவதோடு, தவறான விடை சரி என்றும் மனத்தில் பதிந்துவிடும்.

தீர்வு கடினமானது அன்று. ஒரு தெரிவாவது அரை வரியைத் தாண்டுமானால் நான்கையுமே ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட வேண்டும். உண்மையான விடைகளே ஐந்து என்றால் இரண்டு பத்திப் பேச்சே வேண்டாம். குறுகிய எண்களாக இருந்தால் ஐந்தையும் ஒரே வரியில் போடலாம். கட்டமாகப் போட வேண்டிய இடத்தில் எப்போதும் குறுக்கு வரிசைதான், தேர்வாணையத் தாள் அப்படி இருப்பதால். எழுத்தை அதன் விடையோடு ஒட்டி வைத்து, பத்திகளுக்கு இடையே கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அகல இடைவெளி விட வேண்டும். கணினியில் டேப் விசையால் தள்ளுவதைவிடக் கோடு தெரியாத அட்டவணைக் கட்டங்களுக்குள் அடிப்பது இதற்குப் பாதுகாப்பானது; நீண்ட தமிழ்ச் சொல் மடிந்தாலும் தன் கட்டத்துக்குள்ளேயே மடியும். விடைக்குறிப்பை "17 – C" என்று மட்டும் எழுதாமல் "17 – C – ஃபேன்கோர்ட்" என்று, பொதுத்தேர்வில் மாணவரிடம் கேட்பதுபோல் விடையையும் சேர்த்து எழுதிவிட்டால், அச்சுப் படியைப் பார்ப்பவர் 17-ஆம் வினாவில் C-க்கு எதிரே கில்லஸ்பி நிற்பதை அச்சுக்குப் போகும் முன்பே கண்டுகொள்வார்.